முன்னுரைக்கு வந்த முதல் வாசகர்

பதினான்கு பக்கம். முன்னுரை மட்டும் பதினான்கு பக்கம். கையேடே நூற்றுப் பத்துப் பக்கம்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று என் மனைவி சைத்தூன் பீவி சொல்வாள். அன்று நானே சொல்லிக்கொண்டேன்.

நான் அய்யம்பேட்டைப் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியன். பெயர் ஹபீப் முகம்மது. ஆட்சி மாறி மூன்று வருடம் ஆகியிருந்தது. அலுவலகங்களில் எல்லாம் தமிழில் எழுத வேண்டும் என்று ஆணை வந்திருந்தது. எழுதத் தெரிந்த அதிகாரிகள் குறைவு, எழுதத் தெரியும் என்று நினைத்துக்கொண்ட அதிகாரிகள் நிறைய. அவர்களுக்கு ஒத்தாசையாக என்னைப் பள்ளியிலிருந்து பெயர்த்துத் தஞ்சாவூரில் குத்தகைப் பதிவுப் பயிற்சி நிலையத்தில் உட்கார வைத்தார்கள். மேலராஜவீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டு மாடி, ஒரு மேசை, இரண்டு கை மட்டும் உள்ள ஒரு மின்விசிறி. மூன்றாவது கை எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போது குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் புதுச் சட்டம் வந்திருந்தது. யார் யார் நிலத்தை யார் யார் பயிரிடுகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய் எழுத வேண்டும். பெயர் ஏறிவிட்டால் நினைத்த நேரத்தில் வரப்பை விட்டு இறக்கிவிட முடியாது. ஏறாவிட்டால் மிராசுதார் கை காட்டுகிற திசையில் நடக்க வேண்டியதுதான். இதை எழுதப் போகிற அலுவலர்களுக்காகத்தான் கையேடு. ஒன்பது இயல்கள். ஒவ்வொன்றையும் களத்தில் வேலை பார்த்த ஒருவர் எழுதியிருந்தார். முன்னுரையை மட்டும் தனி அலுவலர் இளையபெருமாள் எழுதினார், அடியில் கையெழுத்து அவருடையது என்பதால்.

இளையபெருமாள் கெட்டவரில்லை. மேடைத் தமிழில் மயங்கியவர், அவ்வளவுதான். முதல் இரண்டு பக்கம் கரிகாலன், கல்லணை, பொன்னி. அடுத்த பன்னிரண்டு பக்கமும் "முதல் இயலில்", "இரண்டாம் இயலில்" என்று ஒன்பது இயலையும் வரிசையாகப் பிழிந்து வைத்திருந்தார். கல்யாணத்துக்கு வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே என்னென்ன பரிமாறுவார்கள் என்று வாயால் சொல்லியே வயிற்றை நிரப்பி அனுப்புகிற மாதிரி. எனக்கு எரிச்சலாக வந்தது. சிவப்பு மையை எடுத்தேன், மூடி வைத்தேன், டீ குடிக்கக் கீழே இறங்கினேன்.

கீழே டீக்கடைப் பெஞ்சில் ஐயாவு இருந்தார். அவரை அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நடுவக்கரை மிராசுதார் இராஜாங்கத்தின் காரியஸ்தர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடித்த குடை. குரல் ஏறிப் பேசி யாரும் கேட்டதில்லை. எனக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னார்.

"முன்னுரை முடிஞ்சுதா வாத்யாரே?" என்றார்.

புத்தகம் முடிந்ததா என்று கேட்டிருந்தால் சாதாரணமாக இருந்திருக்கும். ஒரு காரியஸ்தருக்கு முன்னுரையில் என்ன வேலை?

"எந்த முன்னுரை?"

"அதான், பெரிய ஐயா எழுதுறாராமே. படிச்சவங்க நல்லாயிருக்குன்னு சொன்னாங்க. மெதுவாப் பாருங்க. அவசரமே இல்ல."

டீயை நான் பாதியில் வைத்துவிட்டேன். மாடிக்கு ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் என் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சாமிதுரை வந்தான். வருவாய் ஆய்வாளர். ஐந்தாம் இயல் அவன் எழுதியது. காகிதம் எதுவுமே இல்லாத குத்தகைதாரரை எப்படி விசாரிப்பது என்பதுதான் அந்த இயல். தஞ்சை ஜில்லாவில் பாதிக் குத்தகை வாய்ப்பேச்சில் நடப்பது. ரசீது கொடுத்தால் பிடி கொடுத்த மாதிரி என்று மிராசுதார்கள் கொடுப்பதே இல்லை. அதனால் சாமிதுரை எழுதியிருந்தான்: ரசீது இல்லை என்பதற்காக மனுவைத் தள்ளக்கூடாது. பக்கத்து வயல்காரர்களைக் கேள். நாற்று விட்டது யார், நடவு ஆளுக்குக் கூலி அளந்தது யார், களத்தில் நெல்லைத் தூற்றியது யார் என்று கேள். முந்தைய போகங்களையும் சேர்த்துக் கேள். கையேட்டிலேயே நல்ல தமிழ் அந்த இயலில்தான் இருந்தது. அதில் என் கையை நான் வைக்கவே இல்லை.

அவன் முன்னுரையை என் மேசையில் வைத்து ஒரு வரியில் விரலை ஊன்றினான்.

"இதப் பாத்தீங்களா சார்?"

பார்த்திருந்தேன். 'ஐந்தாம் இயல், குத்தகைதாரர்கள் ரசீது முதலிய தக்க சான்றுகளைக் கொண்டு தம் உரிமையை நிலைநாட்டும் முறையை அழகுற விளக்குகிறது' என்று இருந்தது. பன்னிரண்டு பக்க இயலை ஒரு வரியாகச் சுருக்கும்போது, இல்லாதவனுக்கான வழி கழிந்து, இருப்பவனுக்கான வழி மட்டும் மிஞ்சிவிட்டது.

"தப்புத்தான். ஆனா உள்ள சரியா இருக்கே. படிக்கிறவன் உள்ள போய்ப் பாப்பான்ல?"

சாமிதுரை என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "சார், நீங்க பள்ளிக்கூடத்து ஆளு. எங்க டிபார்ட்மெண்ட்ல கையெழுத்து இருக்குற பக்கந்தான் உத்தரவு. மிச்சமெல்லாம் சும்மா படிக்கிறதுக்கு. நான் எழுதின இயல்ல யாரு கையெழுத்து இருக்கு? ஒருத்தர் கையெழுத்தும் இல்ல. முன்னுரையில பெரிய ஐயா கையெழுத்து இருக்கு. நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேட்டா, ஆபீசர் எதக் காட்டித் தப்பிப்பாரு?"

இருபது வருடம் பிள்ளைகளுக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தவன் நான். முன்னுரையே சட்டமாகிவிடும் ஒரு உலகம் இருப்பது எனக்குத் தெரியாது.

"இன்னொண்ணும் இருக்கு சார். அச்சு லேட்டாகுதுன்னு இந்தப் பதினாலு பக்கத்தையும் ஸ்டென்சில் வெட்டிப் பதிவு முகாமுக்கெல்லாம் அனுப்பிட்டாங்க. 'தகவலுக்காக'ன்னு மேல போட்டு, கீழ கையெழுத்தோட."

"எப்ப?"

"போன வாரம். நடுவக்கரை முகாம்ல ரசீது இல்லாத மனுவெல்லாம் தனியா ஒதுக்கி வச்சிருக்காங்க. அம்சம்னு ஒரு அம்மா. புருசன் செத்து அஞ்சாறு வருசமா அவங்கதான் பயிர் வைக்கிறாங்க. இராஜாங்கம் நெலம், மூணு மா, ஒரு ஏக்கர்தான். அவங்க கேஸ வச்சுத்தான் சார் நான் அந்த இயலையே எழுதினேன். அவங்க மனுவும் ஒதுங்கிக் கெடக்கு. இந்த மாசக் கடைசியில தள்ளிட்டாங்கன்னா சம்பா நடவுக்கு அவங்க வயல்ல எறங்க முடியாது."

ஐயாவு ஏன் அவசரமே இல்லை என்றார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. இரண்டு வருடத்துக்கு முன்பு கிழக்கே கூலி கேட்டவர்களின் குடிசைகள் எரிந்த செய்தி வந்த நாளிலிருந்து, இந்த ஜில்லாவில் மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்தான்.

சாமிதுரைக்கு ஒரு யோசனை இருந்தது. "அந்த வரிய மட்டும் மாத்திடுங்க சார். ரசீது இல்லன்னாலும் பதியணும்னு பளிச்சுனு போட்டுடுங்க."

"போடலாம். அப்புறம் ஆறாம் இயல்?"

"அதுக்கென்ன?"

"அதுலயும் ஒரு வரிதான் இருக்கு. கோயில் நெலத்துக்குத் தனி விதின்னு உள்ள பத்துப் பக்கம் இருக்கு, இவரு 'அவ்வாறே'ன்னு முடிச்சிட்டாரு. அஞ்சுக்கு நான் சரியாச் சுருக்கிட்டேன்னா, மத்த எட்டும் சரின்னு ஆயிடும். நீங்க சொல்ற கணக்குப்படி எட்டும் உத்தரவாயிடும். எவ்வளவு நல்லாச் சுருக்கினாலும் எதையாவது விட்டுத்தான் தம்பி சுருக்கணும். விட்டுப்போனது எவனோ ஒருத்தனோட நெலமா இருக்கும்."

அவனுக்கு ஒப்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அம்சத்தை அவன் நேரில் பார்த்தவன், நான் காகிதத்தைப் பார்த்தவன். ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராயில்லை.

அன்று முழுவதும் உட்கார்ந்தேன். முதலில் "இயலில்" என்ற சொல் வந்த பத்தி எல்லாவற்றையும் அடித்தேன். பன்னிரண்டு பக்கம் போனது. கரிகாலனையும் அனுப்பிவைத்தேன், அவருக்குக் குத்தகைப் பதிவில் வேலை இல்லை. மிஞ்சியது நன்றி சொல்லும் நாலு வரி. பிறகு வெள்ளைத் தாளில் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இதைக் கையில் எடுக்கப் போகிறவன் யார்? அவன் கையில் இது இப்போது ஏன் வருகிறது? இதை முடித்து எழுந்து போகும்போது அவன் எதை மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டும்? எப்படிச் செய்வது என்று வந்த வரியை எல்லாம் அடித்தேன், அது இயல்களின் வேலை. எதற்காகச் செய்வது என்று வந்ததை மட்டும் விட்டேன். மாலையில் ஒரு பக்கத்துக்கும் குறைவாக நின்றது:

'நிலத்தைப் பயிரிடுகிறவர் யாரோ அவர் பெயர் அரசுப் பதிவேட்டில் ஏற வேண்டும். இந்தக் கையேடு அதற்காகவே எழுதப்பட்டது. அலுவலகத்தில் இருந்தபடியே பதிவேட்டை எழுதிய பழக்கத்தால் பலர் பெயர் இதுநாள்வரை விட்டுப்போயிற்று. ஆகவே வயலுக்குப் போங்கள். வரப்பில் நின்று, பயிரிடுகிறவர் யார் என்று அறியுங்கள். அதை எவ்விதம் அறிவது என்பதை இயல்களில் படித்துக்கொள்ளுங்கள். இம்முன்னுரை அவற்றுக்கு ஈடாகாது. இதற்கு முன் அனுப்பப்பட்ட முன்னுரையையோ இதையோ காட்டி எந்த மனுவையும் ஏற்கவோ தள்ளவோ கூடாது.'

சாமிதுரை இரண்டு முறை படித்தான். "கடைசி வரி நல்லாருக்கு சார்" என்றான். பிறகு, "எங்க அஞ்சாம் இயலப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல" என்றான்.

இளையபெருமாள் அறைக்கு நான் மட்டும்தான் போனேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.

"மிச்சம் எங்க புலவரே?"

"இவ்வளவுதான் ஐயா."

"ஒன்பது இயலையும் நான் படிச்சேங்கிறதுக்கு இதுல அத்தாட்சி எங்க இருக்கு? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். அதத்தான நான் செஞ்சேன்?"

"பதம் பாக்குறது சமைக்கிறவங்க ஐயா. சாப்பிட வந்தவனுக்கு அந்த ஒரு பருக்கையப் போட்டு எலைய எடுத்துட்டா அவன் பசி என்னாகும்?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கு வாய்த் துடுக்கு கொஞ்சம் அதிகம். ஐந்தாம் இயலைத் திறந்து அவர் முன் வைத்தேன். பக்கத்தில் அவருடைய வரியை வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் படித்தார். நடுவக்கரையில் என்ன நடக்கிறது என்று சொன்னேன். முகம் மெல்ல வெளுத்தது. அவரும் பாபநாசம் பக்கத்துக் குத்தகைக் குடும்பம்தான், கட்சிக் கூட்டத்தில் பேசிப் பேசி வளர்ந்தவர். தன் கையெழுத்தே தன் சாதி சனத்தை வரப்பை விட்டு இறக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

"என் பேரால தள்ளுறானுங்களா?" என்றார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். இரண்டு உத்தரவு இருந்தால் தேதி பிந்தியதுதான் செல்லும், அதுவும் அவர்கள் உலகத்து வழக்கம். கரிகாலனை மட்டும் பின்னட்டையிலாவது போடலாமா என்று கேட்டார். போடலாம் என்றேன், அவ்வளவு பெரிய மனது எனக்கு அன்று இருந்தது.

தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அச்சகம் எங்கள் ஊர் அப்துல் ஜலீலுடையது. புத்தகம் நாலைந்து நாளில் வரும் என்றார். அட்டை போடாவிட்டாலும் பரவாயில்லை, தைத்த அளவில் நாலு பிரதி முதலில் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

இரண்டு நாள் கழித்து ஐயாவு மறுபடி பெஞ்சில் இருந்தார். நான் பார்க்காத மாதிரி தாண்டினேன்.

"வயலுக்குப் போங்கள். வரப்பில் நின்று, பயிரிடுகிறவர் யார் என்று அறியுங்கள்" என்றார் பின்னாலிருந்து. மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல, ஒரு எழுத்துப் பிசகாமல்.

நின்றுவிட்டேன். எந்த வழியாகக் கிடைத்தது என்று கேட்கவில்லை. தட்டச்சு அறைக்குக் கதவு இருந்தது, பூட்டு இல்லை.

"நல்லாருக்கு வாத்யாரே. அந்தப் பதினாலு பக்கத்தப் படிக்கச் சொல்லி எங்க ஐயா என்னைப் படுத்தி வச்சாரு. தல சுத்திடுச்சு. இது பாருங்க, ஒரு தடவ வாசிச்சுக் காட்டினேன், எங்க ஐயாவுக்குப் புரிஞ்சிடுச்சு."

குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். டீக்குக் காசை அவரே கொடுத்திருந்தார்.

சாமிதுரையிடம் சொன்னேன். தெரிந்தால்தான் அவர்களால் என்ன செய்துவிட முடியும்? ரசீது கேட்கிற வழி அடைபட்டாயிற்று. இனி அலுவலர் வயலுக்குப் போவார், பார்ப்பார், எழுதுவார். அப்படித்தான் பேசி எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம்.

புத்தகம் வந்த அன்றே இரண்டு பிரதியை எடுத்துக்கொண்டு சாமிதுரையின் மோட்டார் சைக்கிளில் நடுவக்கரைக்குப் போனோம். ஆவணி மாதம். வெண்ணாற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. இருபக்கமும் நடவு ஆட்கள் குனிந்திருந்தார்கள். ஊர் நெருங்க நெருங்க வயல்களில் ஆள் குறைந்தது. கடைசி மதகைத் தாண்டிய பிறகு ஒருவரும் இல்லை.

முகாம் பஞ்சாயத்துக் கட்டடத்தில். பதிவு அலுவலர் ரெத்தினம் சின்ன வயசு, நேர்மையான பையன், அதனாலேயே பயந்த பையன். மேசைமேல் ஸ்டென்சில் பிரதி இருந்தது, ஐந்தாம் இயல் பற்றிய வரிக்கடியில் பென்சில் கோடு. நான் புத்தகத்தைக் கொடுத்தேன். கையெழுத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். கடைசி வரியை வாய்விட்டுப் படித்தார். ஒதுக்கி வைத்த மனுக்கட்டை அவரே எடுத்து முன்னால் வைத்தார்.

"அப்ப எதக் காட்டி நான் முடிவு பண்றது சார்?"

"உள்ள படிச்சு."

ஐந்தாம் இயலைத் திறந்தால் திறக்கவில்லை. அவசரத்தில் தைத்த பிரதி, மடிப்புத் தாள்கள் வெட்டாமல் ஒட்டியபடியே இருந்தன. அவர் ஒரு மர ஸ்கேலை உள்ளே விட்டுக் கிழித்துக் கிழித்துப் படித்தார். நாங்கள் காத்திருந்தோம். படித்து முடித்து எழுந்தார். "வாங்க, வயலுக்குப் போவோம்" என்றார். சாமிதுரை என் கையைப் பிடித்து அழுத்தினான். எழுதியது வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? எனக்கு மார்பு நிறைந்துவிட்டது.

வாய்க்கால் திரும்பும் இடத்திலேயே சத்தம் கேட்டது.

அம்சத்தின் மூன்று மாவில் டிராக்டர் உழுதுகொண்டிருந்தது. சிவப்பு டிராக்டர், இராஜாங்கத்துடையது. வயல் முழுவதும் சேறாகப் புரண்டுகிடந்தது. வரப்பில் நாற்றுமுடிகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன, சிலது சக்கரத்தில் மிதிபட்டு. அம்சம் வரப்பு முனையில் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முட்டிவரை சேறு, நடவுக்கு இறங்கியவளை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அழவில்லை.

ஐயாவு குடையை விரித்து நிழலில் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வாங்க ஆபீசர் ஐயா. வயலுக்கே வந்துட்டீங்க. இதத்தான் எதிர்பார்த்தோம். பாத்துக்குங்க, பயிர் வைக்கிறது எங்க ஐயாதான். நாத்தும் எங்களுதுதான்."

"பொய்யி" என்றாள் அம்சம். "என் நாத்தங்கால்ல நான் பறிச்ச நாத்து. விடியக்கால டிராக்டர எறக்கிவிட்டானுங்க சாமி."

என் ஒரு பக்கத்தை ஜில்லாவிலேயே ஒழுங்காகப் படித்த முதல் ஆள் ஐயாவுதான். பதினான்கு பக்கம் இருந்தவரை ரசீதை நம்பிச் சும்மா இருந்தார்கள். எதற்காக என்று ஒரு பக்கத்தில் நான் தெளிவாகச் சொன்னதும், பயிரிடுகிறவர் தாமே என்று காட்ட டிராக்டரைச் சேற்றில் இறக்கிவிட்டார்கள்.

ரெத்தினம் டிராக்டரைப் பார்த்தார். கையேட்டைப் பார்த்தார். கிழித்த பக்கத்தில் விரலை வைத்தார். "முந்தைய போகங்களையும் கேட்கணும்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு குரலை உயர்த்தி, சத்தம் கேட்டு அடுத்த வரப்புகளில் கூடி நின்றவர்களைக் கூப்பிட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். எல்லோரும் இராஜாங்கத்தின் நிலத்தில் வாய்ப்பேச்சில் பயிர் வைப்பவர்கள்தான்.

"போன சம்பாவுல இந்த வயல்ல நட்டது யாரு? களத்துல நெல்லு தூத்துனது யாரு?"

ஐயாவு யாரையும் மிரட்டவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க ஒவ்வொரு தலையும் கவிழ்ந்தது. ரெத்தினம் இரண்டாம் தடவை கேட்டார். பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தவர், மெல்ல மூடப் போனார்.

"அம்சந்தான்" என்று ஒரு குரல் வந்தது.

அடுத்த வயல் காத்தான். நரைத்த மனிதர், தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார்.

ஐயாவு அவர் பக்கம் திரும்பி, பரிவாகவே கேட்டார். "காத்தான், ஒங்கிட்டயும் ரசீது இல்லல்ல?"

காத்தான் பின்வாங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் பின்வாங்கியிருப்பேன்.

"இல்லீங்க. எனக்கும் இல்ல, அதுக்கும் இல்ல. அது அதோட வயல்ல நட்டுச்சு, நான் என் வயல்ல நட்டேன். அது நடவாளுக்குக் கூலி அளந்தப்ப மரக்கால் என் வீட்டுதுதான். ரெண்டு பேரயும் எழுதிக்குங்க ஆபீசரய்யா."

ரெத்தினம் எழுதினார். வரைவுப் பதிவேட்டில் அம்சத்தின் பெயரை எழுதி, காத்தான் வாக்குமூலம் என்று எழுதி, கைநாட்டு வாங்கினார். அது முடியும்முன் இன்னொருவர் வரப்பில் ஏறி வந்தார். "என்னையும் கேளுங்க" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். சாமிதுரை விம்மிக்கொண்டிருந்தான். எனக்கும் கண் கலங்கியது.

ஐயாவு என் பக்கத்தில் வந்து நின்றார். குடை நிழல் என் தோளிலும் விழுந்தது.

"பாருங்க வாத்யாரே, எத்தன பேரு" என்றார். "இந்த ஊர்ல எவன் வாயத் தெறப்பான், எவன் தெறக்க மாட்டான்னு எங்களுக்கு இத்தன வருசமாத் தெரியாமயே இருந்துச்சு. ஒங்க புண்ணியத்துல அவங்களே வரிசையா வந்து நிக்கிறாங்க."

அவர் கையில் காகிதமோ பேனாவோ இல்லை. ஒவ்வொருவர் கைநாட்டு வைக்கும்போதும் உதடு மட்டும் லேசாக அசைந்தது, பெயரைச் சொல்லிப் பார்க்கிற மாதிரி.

நான் ரெத்தினத்தைக் கூப்பிட வாயெடுத்தேன். என்னவென்று கூப்பிடுவது? நிறுத்துங்கள், எழுதாதீர்கள் என்றா? அந்தப் பெண் பெருவிரலை மையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை வாய்க்கால்வரை நீண்டிருந்தது.

ஐயாவு குடையை மடக்கினார். டிராக்டர்காரனைப் பார்த்துக் கையை உயர்த்தி, இரண்டு விரலால் பக்கத்து வயலைக் காட்டினார். டிராக்டர் திரும்பி, காத்தானின் வரப்பை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது.